நானும், எனக்கும், என்னிடமும்

வெள்ளவத்தையில் நான் ஆங்கிலம் கற்பிக்கும் அதே மாடியில் கற்பிக்கும் நண்பர் ஒருவருக்கு ஒரு திடமான கருத்து உண்டு. ஒருவர் சொன்னதற்கு ‘நானும்தான்’ என்று ஆங்கிலத்தில் ஒத்துப்போக ‘சோ டூ ஐ’, ‘நைதர் ஹேவ் ஐ’ என்றெல்லாம் பிள்ளைகளை வதைக்க வேண்டாம், ‘மீ டூ’, ‘மீ நைதர்’ இரண்டையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால் போதும் என்பார். வேலை முடிந்து பஸ்ஸில் நசுங்கி வந்து உட்காருகிறவர்களுக்கு இதற்குமேல் தேவையில்லை என்பது அவருடைய வாதம். அதில் இரக்கம் இருக்கிறது, அனுபவமும் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கருத்து எனக்குள் ஒட்டவே இல்லை. ஏன் ஒட்டவில்லை என்பதை என் மாணவி ஒருத்திதான் எனக்கே விளங்கவைத்தாள்.

அவள் கடற்கரையோர ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறாள். ஒரு மாலை, கண்ணாடிக் கதவுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, வயதான வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் மேசையருகே வந்து நின்று, ‘ஐவ் நெவர் சீன் ரெய்ன் லைக் திஸ்’ என்றார். இப்படி ஒரு மழையைத் தான் பார்த்ததே இல்லை என்று பொருள். நம்முடைய பிள்ளை சிரித்த முகத்தோடு, ‘சோ ஹேவ் ஐ’ என்றாள். நானும் பார்த்ததில்லை என்பதுதான் அவள் சொல்ல நினைத்தது. பெண்மணி ஒரு கணம் புருவத்தை உயர்த்தினார். பிறகு, ‘ஓ, ஹேவ் யூ? வென்?’ என்று ஆர்வத்தோடு கேட்டார். அதாவது, நீ பார்த்திருக்கிறாயா, எப்போது என்று. இவளுக்கு எதுவும் புரியவில்லை. எப்போது என்றால் எதை எப்போது? ‘யெஸ் மேடம்’ என்று முடித்துக்கொண்டாள். அடுத்த வகுப்பில் என்னிடம் வந்து, “மிஸ், நான் சரியாகத்தானே சொன்னேன்? அவர் ஏன் அப்படிக் கேட்டார்?” என்றாள்.

கேள்வி நியாயமானது. அவள் செய்ததில் பாதி மிகவும் நன்றாகச் செய்யப்பட்டிருந்தது. பெண்மணியின் வாக்கியத்தில் ‘ஹேவ்’ என்ற துணைவினை முழுதாகக்கூட ஒலிக்கவில்லை. ‘ஐவ்’ என்று உதட்டில் பட்டும் படாமலும் போன ஒரு ‘வ்’ மட்டும்தான் இருந்தது. அதைப் பிடித்துவிட்டாள். பெரும்பாலானவர்கள் அந்த இடத்தில் ‘டூ’ போட்டிருப்பார்கள். அவள் தவறவிட்டது ‘நெவர்’ என்ற சொல்லை. ‘நாட்’ என்றோ ‘ஹேவன்ட்’ என்றோ காதில் விழுந்திருந்தால் எதிர்மறை என்று உணர்ந்திருப்பாள். ‘நெவர்’ தனியாக நின்று, வினையில் ஒட்டாமலே முழு வாக்கியத்தையும் எதிர்மறையாக்கிவிடுகிறது. ‘ஹார்ட்லி’ என்ற சொல்லும் அதே வேலையைச் செய்யும். ‘அவரை எனக்கு அவ்வளவாகத் தெரியாது’ என்ற பொருளில் ‘ஐ ஹார்ட்லி நோ ஹிம்’ என்று ஒருவர் சொன்னால், ஒத்துப்போகும் பதில் ‘நைதர் டூ ஐ’. இதற்கு நேர்மாறாக, ‘ஐ டவுட் இட்’, ‘ஐ டிஸ்லைக் இட்’ ஆகியவை பொருளில் மறுப்பாக இருந்தாலும் இலக்கணத்தில் உடன்பாட்டு வாக்கியங்கள். அவற்றுக்குப் பதில் ‘சோ டூ ஐ’தான். பேசுகிறவரின் மனம் சுளித்திருக்கிறதா என்று பார்க்கக் கூடாது, வாக்கியத்துக்குள் மறுக்கும் சொல் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

அவளுக்கு இதை விளக்கும்போதுதான் வேறொன்று என் மனத்தில் ஓடத் தொடங்கியது. நாம் ஏன் இதில் தடுக்குகிறோம்? நம்மிடம் இப்படி ஒரு பதில் இல்லையா?

தமிழில் எந்த முனையைக் கேட்கிறோம்

இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. ‘நான் இன்னும் சாப்பிடவில்லை’ என்று யாராவது சொன்னால் ‘நானும்தான்’ என்கிறோம். ‘எனக்கு இந்த வெயில் ஒத்துக்கொள்ளாது’ என்றால் ‘எனக்கும்தான்’. ‘என்னிடம் சில்லறை இல்லை’ என்றால் ‘என்னிடமும் இல்லை’. ‘என்னால் இந்தப் படிகளில் ஏற முடியவில்லை’ என்றால் ‘என்னாலும் முடியவில்லை’. ‘என்னை ஒருவரும் கூப்பிடவில்லை’ என்றால் ‘என்னையும்தான்’. எதிரே இருப்பவர் எந்த வேற்றுமையில் தன்னைச் சொன்னாரோ அதே வேற்றுமையில் நம்மைச் சொல்லி ஓர் ‘உம்’ சேர்த்துவிடுகிறோம். யோசிப்பதே இல்லை. மூன்று வயதுக் குழந்தைகூட ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதற்கு ‘நானும்’ என்று பதில் சொல்லாது.

சொல்லக் கேட்டிருக்கிறேன், ஆனால் குழந்தையிடம் அல்ல. லண்டனில் பிறந்து வளர்ந்த உறவுக்காரப் பையன் ஒருவன் விடுமுறைக்கு வந்திருந்தபோது எல்லாவற்றுக்கும் ‘நானும்’தான் சொன்னான். ‘எனக்குத் தூக்கம் வருகிறது’ என்றால் ‘நானும்’. ‘எனக்குக் கணவாய் பிடிக்காது’ என்றாலும் ‘நானும்’. பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவனுக்கு எங்கே பிழை என்று தெரியவில்லை, ஏனென்றால் அவன் காது வாக்கியத்தின் அந்த முனையைக் கவனித்துப் பழகியதே இல்லை.

நமக்கும் அதே கதைதான், மறு முனையில். தமிழ்ப் பதிலுக்குக் காலம் தேவையில்லை. நேற்றுப் போனதானாலும், நாளை போகப்போவதானாலும், போகவே இல்லையானாலும் ‘நானும்தான்’ என்ற ஒன்றே போதும். மறுப்பு, உடன்பாடு என்ற பிரிவும் வேண்டாம். ஆங்கிலத்தில் தலைகீழ். பேசியவர் தன்னை எப்படிக் குறித்தார் என்பது அங்கே பொருட்டே இல்லை, பதில் சொல்பவர் எப்போதும் ‘ஐ’தான். ஆனால் அவர் பயன்படுத்திய துணைவினை எது, அது எந்தக் காலம், உடன்பாடா எதிர்மறையா என்ற மூன்றும் பதிலில் திரும்பி வந்தாக வேண்டும். இரு மொழிகளிலும் பதில் என்பது எதிரொலிதான். நாம் பெயரின் ஈற்றை எதிரொலிக்கிறோம், அவர்கள் வினையின் துணையை எதிரொலிக்கிறார்கள். கொழும்பில் பக்கத்து மேசைக்காரர் சிங்களவராக இருந்தாலும் உதவிக்கு வரமாட்டார். நானும், எனக்கும் என்பதற்கு ‘மமத்’, ‘மடத்’ என்று அவரும் நம்மைப்போலப் பெயரோடு ஓர் ஒட்டைச் சேர்த்துவிட்டுப் போகிறவர்தான். நம் ஊர் அலுவலகங்களில் ‘ஐ ஆல்ஸோ’, ‘மீ ஆல்ஸோ’ என்று எல்லாரும் சொல்வது சோம்பலால் அல்ல என்று நான் நினைப்பது இதனால்தான். இரண்டு தாய்மொழிகளும் ஒரே பக்கமாகத் தள்ளுகின்றன.

இதை வகுப்பில் சொன்னபோது முகங்கள் தெளிந்ததைப் பார்த்தேன். பாடப்புத்தகத்து அட்டவணை இவர்களுக்குப் புதிதல்ல. ‘சோ’, பிறகு துணைவினை, பிறகு எழுவாய் என்ற வரிசையைக் கொப்பியில் அழகாக எழுதிவைத்திருப்பார்கள். வாய் திறக்கும் நேரத்தில் அது கைகொடுக்காது. துணைவினையைத் தாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அவர்கள் எண்ணிக்கொண்டிருப்பதுதான் காரணம். தேர்ந்தெடுக்க வேண்டியதே இல்லை. எதிரே இருப்பவர் ஏற்கெனவே தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டார்.

கண்ணுக்குத் தெரியாத ‘டூ’

கொடுத்ததாகவே தெரியாத இடங்கள் உண்டு, அவைதான் தொல்லை. ‘ஐ வர்க் இன் ஃபோர்ட்’ என்று ஒருவர் சொல்கிறார், கோட்டையில் வேலை செய்கிறாராம். துணைவினை எங்கே? மேலே தெரியாது. அந்த வாக்கியத்தைக் கேள்வியாக்கிப் பார்த்தால் மிதந்து வரும்: ‘டூ யூ வர்க் இன் ஃபோர்ட்?’ ஆகவே ‘சோ டூ ஐ’. ‘வர்க்ட்’ என்று இறந்த காலத்தில் சொன்னால் கேள்வியில் ‘டிட்’ வரும், பதிலிலும் ‘சோ டிட் ஐ’. ‘ஐ யூஸ்ட் டு லிவ் இன் ஜாஃப்னா’ என்று முன்பு யாழ்ப்பாணத்தில் இருந்ததைச் சொன்னாலும் ‘சோ டிட் ஐ’தான். கேள்வியாக்கிப் பார்ப்பது என்ற இந்த ஒரே உபாயத்தை மட்டும்தான் நான் மனப்பாடம் செய்யச் சொல்வேன்.

‘ஹேவ்’ இங்கே ஓர் இரட்டை வேடக்காரன். ‘ஐ ஹேவ் டு கோ’ என்று போக வேண்டிய கட்டாயத்தைச் சொல்லும்போது அது துணைவினை அல்ல. கேள்வி ‘டூ யூ ஹேவ் டு கோ’ என்றாகும், பதில் ‘சோ டூ ஐ’. ‘எனக்கு நேற்றுத் தலைவலி’ என்று ‘ஐ ஹேட் எ ஹெடேக்’ சொன்னால் ‘சோ டிட் ஐ’. சாப்பிட்டு முடித்துவிட்டேன் என்று ‘ஐவ் ஈட்டன்’ சொன்னால் மட்டும் அது உண்மையான துணைவினை, ‘சோ ஹேவ் ஐ’. இரண்டு சகோதரர்கள் இருக்கிறார்கள் என்று ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்’ சொல்பவருக்குப் பழைய பிரிட்டிஷ் வழக்கில் ‘சோ ஹேவ் ஐ’ என்றும் பதில் வரும். இன்றைக்கு ‘சோ டூ ஐ’ சொன்னால் எந்த ஊரிலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அடுத்த வில்லங்கம் சுருங்கிய ஒலிகள். ‘ஐட்’ என்று கேட்கிறது. அது ‘வுட்’டா, ‘ஹேட்’டா? அடுத்து வரும் வினையைக் கேட்காமல் சொல்ல முடியாது. ‘ஐட் லவ் டு கோ’ என்றால் வினை இயல்பு வடிவில் நிற்கிறது, ஆகவே அது ‘வுட்’, பதில் ‘சோ வுட் ஐ’. ‘ஐட் ஆல்ரெடி ஈட்டன்’ என்றால் வினை முடிந்த வடிவில் வருகிறது, ஆகவே ‘ஹேட்’, பதில் ‘சோ ஹேட் ஐ’. ‘மை பிரதர்ஸ் வர்க்கிங்’ என்பதில் உள்ள ‘ஸ்’ வேறு, ‘மை பிரதர்ஸ் ஃபினிஷ்ட்’ என்பதில் உள்ள ‘ஸ்’ வேறு. முன்னதற்கு ‘சோ இஸ் மைன்’, பின்னதற்கு ‘சோ ஹேஸ் மைன்’. துணைவினையின் வகையையும் காலத்தையும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறோம், அதன் வடிவை நம் எழுவாய்க்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறோம். ‘என் தங்கை நடனம் பழகுகிறாள்’ என்று ‘டஸ்’ மறைந்திருக்கும் வாக்கியம் வந்தாலும், என்னைப் பற்றிச் சொல்லும்போது அது ‘சோ டூ ஐ’ ஆகிவிடும்.

மாணவர்களுக்கு இவை காதில் விழாததற்கு இன்னொரு காரணம், பதிலே ஒட்டிக்கொண்டு வருவது. ‘சோ டூ ஐ’ என்று மூன்று துண்டாக யாரும் சொல்வதில்லை. ‘சோ டுவை’ என்று ஒலிக்கும். ‘சோ ஏம் ஐ’ என்பது ‘சோ வமை’. அழுத்தம் முதல் சொல்லிலும் கடைசிச் சொல்லிலும் விழ, நடுவில் துணைவினை நசுங்கிப்போகிறது. எந்தச் சொல்லைச் சரியாகப் போட வேண்டும் என்று இவ்வளவு பாடுபடுகிறோமோ அந்தச் சொல்தான் மிக மெல்லியதாக ஒலிக்கிறது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சின்ன எரிச்சல் உண்டு. ஆகவே நான் முதலில் ‘சோ டுவை’ என்பதை ஒரே சொல்லாகச் சொல்லவைத்துவிட்டு, பிறகுதான் உடைத்துக் காட்டுவேன்.

நண்பருக்கு என் பதில்

‘மீ டூ’வில் என்ன குறை என்று நண்பர் திரும்பவும் கேட்டார். பிழை ஒன்றும் இல்லை, நானே நாள் முழுவதும் சொல்கிறேன். ஆனால் அது எங்கே கைவிடும் என்பதற்கு ஓர் உதாரணம் சொன்னேன். அலுவலகத்தில் ஒருத்தி, ‘த மேனேஜர் கால்ட் மீ லாஸ்ட் நைட்’ என்கிறாள். நேற்றிரவு மேலாளர் அவளுக்கு அழைப்பெடுத்திருக்கிறார். தோழி ‘மீ டூ’ என்கிறாள். மேலாளர் இவளுக்கும் எடுத்தாரா, அல்லது இவளும் அவளுக்கு எடுத்தாளா? பெரும்பாலும் முதலாவது பொருளில்தான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். இரண்டாவதைச் சொல்ல விரும்பியவள் ‘சோ டிட் ஐ’ என்றுதான் சொல்ல வேண்டும், நான்கூட உனக்கு எடுத்தேனே என்று. தமிழில் இந்தக் குழப்பம் எழவே எழாது. ‘எனக்கும்’ என்றால் ஒன்று, ‘நானும்’ என்றால் மற்றது. தாய்மொழியில் இவ்வளவு துல்லியமாகப் பதில் சொல்லிப் பழகியவர்களிடம், ஆங்கிலத்தில் மட்டும் ஒப்பேற்றிவிட்டுப் போ என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. ‘மீ டூ’வை வைத்துக்கொண்டு ஒத்துப்போக மட்டும்தான் முடியும். மறுக்க முடியாது. மறுப்பதற்கும் அதே துணைவினைதான் வேண்டும், திசை மட்டும் மாறும். ‘ஐ லைக் இட்’ என்றவருக்கு ‘ஐ டோன்ட்’. ‘ஐ ஹேவன்ட் பெய்ட்’ என்றவருக்கு ‘ஐ ஹேவ்’. இங்கே எழுவாய் முன்னால் வருகிறது, ‘சோ’வும் ‘நைதர்’ரும் தேவையில்லை. ‘ஐ ஹேவ்’ என்று முடியும் பதிலை ‘ஐவ்’ என்று சுருக்கவும் கூடாது. வாக்கியம் அந்தச் சொல்லிலேயே முடிவதால் அது முழுதாக ஒலிக்க வேண்டும். ‘ஐ ஹேவன்ட்’ போன்ற எதிர்மறைக்கு இந்தத் தடை இல்லை. நண்பர் பதில் சொல்லவில்லை, தேநீரை முடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். அவர் வகுப்பில் இன்னும் ‘மீ டூ’தான்.

பரீட்சைக்கு இது வருமா என்று எப்போதும் ஒருவர் கேட்பார். ஐஈஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வில் பரீட்சகர் கேள்வி கேட்பார், நாம் பதில் சொல்வோம். தனக்கு எது பிடிக்கும் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார், ஆகவே ‘சோ டூ ஐ’ சொல்ல வாய்ப்பே அரிது. கேம்பிரிட்ஜின் பி2 ஃபர்ஸ்ட் தேர்வில் இரண்டு பரீட்சார்த்திகள் சேர்ந்து உட்கார்ந்து ஒருவரோடொருவர் கலந்து பேச வேண்டும். அங்கே அது தேவைப்படும். மற்றபடி இது பரீட்சைக்கான பாடமே இல்லை. மின்தூக்கியில், மதிய உணவு மேசையில், மழைக்கு ஒதுங்கி நிற்கும் இடத்தில் தேவைப்படுவது.

ஹோட்டல் மேசைக்குத் திரும்பி வருவோம். ‘நைதர் ஹேவ் ஐ’ என்று நீ சொல்லியிருக்க வேண்டும் என்று நான் அந்தப் பிள்ளைக்கு எழுதிக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, “ஆனால் மிஸ், நான் இதைவிடப் பெரிய மழையைப் பார்த்திருக்கிறேனே” என்றாள். அவள் வீடு வெல்லம்பிட்டியில். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது அவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் ஜன்னல் மட்டத்துக்கு வந்ததாம். பாட்டியைக் கதிரையோடு தூக்கி வள்ளத்தில் ஏற்றினார்களாம். விருந்தினர் சொன்னால் ஆமோதிக்க வேண்டும் என்ற பழக்கத்தில்தான் நானும் பார்த்ததில்லை என்று சொல்ல முனைந்திருக்கிறாள். உண்மையான பதில் ‘ஐ ஹேவ்’. ‘ஹேவ் யூ? வென்?’ என்று பெண்மணி கேட்ட கேள்வி, அவளிடம் சொல்வதற்குக் கதை இருந்த சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது. தான் எதைச் சொன்னோம் என்று தெரியாததால் அவளால் அதைச் சொல்ல முடியவில்லை.

அன்றைய பாடம் அத்தோடு திசைமாறிப்போயிற்று. மறுப்பை எப்படி மரியாதையாகச் சொல்வது என்பதில் இறங்கினோம். வெறும் ‘ஐ ஹேவ்’ வெட்டியெறிந்ததுபோல் இருக்கும். ஹோட்டல் மேசையில் நிற்பவள் அப்படிச் சொல்ல முடியாது. இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பின்னால் உடனே ஒரு விவரத்தைச் சேர்ப்பது: ‘ஐ ஹேவ், ஆக்சுவலி, இன் ட்வென்டி சிக்ஸ்டீன்’ என்று. மற்றது, முன்னால் அவருடைய துணைவினையையே கேள்வியாகத் திருப்பிக் கொடுப்பது. ‘ஹேவன்ட் யூ? ஐ ஹேவ்’ என்னும்போது, நீங்கள் சொன்னதைக் கேட்டேன் என்று முதலில் காட்டிவிட்டு, பிறகு மாறுபடுகிறோம். ‘எனக்குத் துரியன் மிகவும் பிடிக்கும்’ என்பவரிடம் ‘டூ யூ? ஐ டோன்ட், மச்’ என்றால் முகம் சுளிக்க மாட்டார். பெண்மணி கேட்ட ‘ஹேவ் யூ?’வும் இதே வகைதான் என்று காட்டியபோது, “அப்படியென்றால் அவர் என்னை நம்பித்தான் கேட்டிருக்கிறார்” என்றாள்.

இப்போது வகுப்பில் கடைசிப் பத்து நிமிடத்தை இதற்கென்று வைத்திருக்கிறேன். நான் ஒரு வாக்கியம் சொல்வேன், அவர்கள் துணைவினையை மட்டும் முதலில் உரக்கச் சொல்ல வேண்டும், பிறகு உண்மையான தங்கள் பதிலைச் சொல்ல வேண்டும். பொய்யாக ஒத்துப்போகக் கூடாது என்பது விதி. சென்ற வாரம், புதிதாகச் சேர்ந்த பையன் போயா தினத்தன்று வகுப்புக்கு வருவான் என்று தோன்றவில்லை என்ற பொருளில், ‘ஐ டோன்ட் திங்க் ஹி வில் கம்’ என்றேன். இதில் இரண்டு துணைவினைகள். ஒத்துப்போகிறவர் முதன்மை வாக்கியத்தின் ‘டோன்ட்’டைத்தான் பிடிக்க வேண்டும். ஹோட்டல் பிள்ளை ‘நைதர் டூ ஐ’ என்றாள், சரி. பின்வரிசையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் ‘நைதர் வில் ஐ’ என்றார். தவறான துணைவினையைப் பிடித்துவிட்டீர்கள், இதற்கு நானும் வரமாட்டேன் என்றல்லவா பொருள் வரும் என்று விளக்கத் தொடங்கினேன்.

“அதைத்தான் சொன்னேன், மிஸ்” என்றார். “அன்றைக்கு நான் நீர்கொழும்பில் மகள் வீட்டில் இருப்பேன்.”